ஆறரை மணிக்கு மைக்

எங்கள் வாசகர் வட்டத்தின் அழைப்பிதழில் ஒரே ஒரு நேரம்தான் அச்சாகும்: மாலை 5.30. அதன் கீழே வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். கேட்க வருகிறவர்களுக்கு அந்த ஒரு நேரம் போதும். வெளியூரிலிருந்து சிறப்புரை ஆற்ற வருகிறவருக்குப் போதாது. அவர் எத்தனை மணிக்குப் பேசத் தொடங்குவார், எவ்வளவு நேரம் பேசலாம், மைக்கை எப்போது சரிபார்க்கலாம், மதுரையில் எங்கே இறங்க வேண்டும் என்ற நான்கும் அந்தத் தாளில் கிடையாது. அவற்றைப் பேசி முடிப்பது வட்டத்தில் என்னிடம் விடப்பட்ட வேலை.

பலரும் இதை ஒரு போன் காலில் முடிகிற வேலையாக நினைக்கிறார்கள். “சார், ஞாயிற்றுக்கிழமை அஞ்சரைக்கு நிகழ்ச்சி, ஒரு முக்கால் மணி நேரம் பேசுங்க, பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் வந்துடும்.” அந்தப் பக்கம் “சரிங்க” என்றால் உறுதியாகிவிட்டது என்று கணக்கு. ஆனால் அந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் இரண்டு அர்த்தம் உண்டு. அஞ்சரை என்பது கூட்டம் தொடங்கும் நேரமா, அவர் பேசும் நேரமா? முக்கால் மணியில் கேள்வி நேரம் சேர்த்தியா? மதுரையில் எந்த பஸ் ஸ்டாண்ட்? இரண்டு பேரும் சரி என்கிறார்கள்; இரண்டு பேர் மனதிலும் வேறு வேறு ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறது.

கோவையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் நடுகற்களைப் பற்றிப் பேச வந்த மாலையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்கு விவரங்களும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது அதில் நன்றாகத் தெரிந்தது.

முதலில் பேசும் நேரம். இதை முன்னிருந்து கணக்கிட்டால் ஏமாந்துபோவோம்; பின்னிருந்து வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்த அரங்கை இரவு 8.30-க்குப் பூட்டி ஒப்படைக்க வேண்டும். ஆனால் கூட்டம் உண்மையில் முடிகிற நேரம் அது இல்லை. எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள், டவுன் பஸ்ஸில் போகிறவர்கள். ஏழே முக்காலுக்கு மேல் பின்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கும். ஆகவே எங்கள் கடைசி எல்லை 7.45. அதிலிருந்து நன்றியுரைக்கு ஐந்து நிமிடம், கேள்விகளுக்கு இருபது நிமிடம் கழித்தால் சிறப்புரை 7.20-க்கு முடிய வேண்டும். முக்கால் மணி உரை என்றால் 6.35-க்கு மைக் அவர் கைக்கு வந்துவிட வேண்டும்.

இப்போது முன்னிருந்து பார்க்கலாம். 5.30 என்று அச்சிட்டால் 5.45-க்குத் தொடங்குவோம். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாட 55 விநாடி; 2021-ல் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது அரசே குறித்த அளவு அது. கடைசியில் பாடும் நாட்டுப்பண்ணுக்கு ஏறத்தாழ 52 விநாடி. நிகழ்ச்சியில் கால அளவு முன்கூட்டியே திட்டமாகத் தெரிந்தவை இந்த இரண்டும்தான். நடுவில் வருகிற எல்லாமே இழுத்தால் நீளும். வரவேற்புரை ஐந்து, தலைமையுரை பத்து, வாழ்த்துரை இருவருக்குமாகப் பத்து, பொன்னாடையும் நினைவுப் பரிசும் பத்து, பேச்சாளர் அறிமுகம் நான்கு நிமிடம். எல்லோரும் சொன்னபடி முடித்தால் 6.25. அழைக்கிறபோது எழுந்து வர, கைத்தட்டல் அடங்க, ஐந்து நிமிடம். 6.30.

இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பார்த்தபோது கையிருப்பு ஐந்தே நிமிடம் என்று தெரிந்தது. வாழ்த்துரையாளர் ஒருவர் சற்று நெகிழ்ந்து பேசினாலே அது போய்விடும். எனவே பேராசிரியையிடம் ஒரு நேரத்தை மட்டும் சொல்லாமல் மூன்றைச் சொன்னேன். “அம்மா, ஆறரைக்கு மைக் உங்க கிட்ட வரும். தாமதமானா 6.50. எப்ப ஆரம்பிச்சாலும் 7.20-ல முடிச்சாத்தான் கேள்வி நேரம் மிஞ்சும்.” முடிக்க வேண்டிய நேரத்தைக் கடிகாரத்தில் சொல்வதுதான் இதில் முக்கியம். நாற்பத்தைந்து நிமிடம் என்று மட்டும் சொன்னால், அவர் எப்போது எழுந்தாரோ அப்போதிலிருந்து எண்ணுவார், அது நியாயமும்கூட. 7.20 என்று சொன்னால், தாமதத்தைக் கண்முன்னே பார்த்துக்கொண்டிருக்கும் அவரே மேடையில் உட்கார்ந்தபடி தன் உரையை மனதுக்குள் திருத்தத் தொடங்குவார்.

அதோடு ஒட்டி வருவது கால அளவு. அவரிடம் நான் கேட்ட கேள்வி இது: “நாற்பத்தஞ்சு நிமிஷத்துல பாட்டையும் சேர்த்துச் சொல்றீங்களா அம்மா?” அவர் கள ஆய்வில் பதிவு செய்த ஒரு பாட்டியின் பாடலை உரைக்கு நடுவே ஒலிக்கச்செய்யப் போவதாக முன்பே சொல்லியிருந்தார். பாடல் இரண்டு நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் விளக்கம் சொல்ல நான்கு நிமிடம். படங்கள் அறுபது. ஒரு படத்துக்கு முக்கால் நிமிடம் என்றாலே முழு நேரமும் தீர்ந்துவிடும். போனிலேயே அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்போ நாப்பது படம் போதும் தம்பி” என்றார். பிறகு நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். “அரை மணி நேரந்தான் கிடைச்சதுன்னா எதை விடணும்னும் பார்த்து வெச்சுக்கறேன். தேனிப் பக்கத்துக் கல்லு பத்தின பகுதி தனியா நிக்கும், அதை எடுத்துடலாம்.”

அனுபவமுள்ள பேச்சாளர்கள் இப்படித்தான். நேரம் குறையலாம் என்று முதலிலேயே சொன்னால் வருத்தப்படுவதில்லை. உரையில் கழற்றி வைக்கக்கூடிய ஒரு பகுதியை அடையாளம் கண்டுவிடுகிறார்கள். மேடையில் ஏறிய பிறகு துண்டுச் சீட்டு நீட்டினால்தான் காயப்படுகிறார்கள். அப்போது கழற்ற நேரமில்லை, முடிவுரைதான் வெட்டுப்படும். ஓர் உரையில் முடிவுரைக்காகத்தான் மற்றவையெல்லாம் சொல்லப்பட்டிருக்கும். அதைப் பறிகொடுத்துவிட்டு ஒருவர் இறங்கிப் போவதைப் பார்ப்பது எனக்குத் தாங்காத விஷயம். சீட்டைப் பற்றியும் அன்றே பேசிவிட்டோம். 7.10-க்கு முன்வரிசையில் இருக்கும் நான் வெள்ளைத்தாளில் “10” என்று எழுதி மடியில் நிமிர்த்தி வைப்பேன். மேடைக்கு யாரும் வர மாட்டார்கள், காதருகே யாரும் குனிய மாட்டார்கள்.

மூன்றாவது, மைக் சரிபார்க்கும் நேரம். பாட்டும் இசைக்கருவிகளும் உள்ள கச்சேரிக்கு மட்டும்தான் இது தேவை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரே ஒருவர் நின்று பேசுவதற்கும் தேவை. பேராசிரியை படங்களைக் காட்டிப் பேசுகிறவர், அடிக்கடி திரைப் பக்கம் திரும்புவார். மேசையில் வளைகழுத்து மைக் வைத்தால், முகம் திரும்பும்போதெல்லாம் குரல் பாதியாக இறங்கிவிடும். கையில் மைக் பிடித்தால், ஒரு கையில் அதுவும் இன்னொரு கையில் ரிமோட்டுமாகக் குறிப்பேட்டைப் புரட்ட முடியாது. மிச்சமிருப்பது காலர் மைக். அதற்கும் புடவைக்கும் ஒரு சிக்கல் உண்டு. முந்தானை மடிப்பில் குத்தினால் நகரும்போதெல்லாம் துணி உரசுகிற சத்தம் பெரிதாகக் கேட்கும். கழுத்துச் சங்கிலி ஆடினால் டிக் டிக் என்று தட்டும். தோளில் ஊக்கு குத்தி அசையாமல் நிறுத்திய இடத்தில், முகவாய்க்குக் கீழே ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில், சங்கிலி படாமல் வைக்க வேண்டும். இடுப்பில் அதன் சிறு பெட்டியைச் செருக இடம் வேண்டும். இதையெல்லாம் நானூறு கண்கள் பார்க்க மேடையில் வைத்துச் செய்யச் சொல்வது மரியாதை இல்லை. முன்கூட்டியே போனில் சொன்னால், அதற்கு ஏற்ற உடையில் வருவார்கள். ஒரு பெண் உறுப்பினர் உடனிருந்து பொருத்திவிடுவார்.

மைக்செட் அண்ணன் வந்து ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்ட நான்கு மணி ஆகும். பார்வையாளர்கள் 5.15-க்கு வரத் தொடங்குவார்கள். இடையில் பேச்சாளருக்கென்று 4.45 முதல் ஐந்து மணி வரை ஒதுக்கினேன். இந்தக் கால் மணிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று மைக்செட் அண்ணனிடமும் முந்தின நாளே பேசியாக வேண்டும். அவர் சனிக்கிழமை ஒரு மெல்லிசைக் கச்சேரிக்குப் போய்விட்டு நேராக எங்களிடம் வருகிறவர். பாடகர்களுக்காகத் திருப்பி வைத்த எக்கோ அப்படியே இருக்கும். பாட்டுக்கு அது அழகு, பேச்சுக்குக் கேடு. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்த சொல்லின் மேல் விழும். வந்தாரா வந்தாளா என்று பின்வரிசையில் இருப்பவருக்குப் பிரித்துக் கேட்காது. “அண்ணே, எக்கோவைச் சுத்தமா இறக்கிடுங்க, பேச்சு மட்டும்தான்” என்று சொல்லிவிட்டால் ஒரு நொடி வேலை.

“ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” என்று சொல்லிப் பார்ப்பதில் மைக் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். பேச்சாளர் தன் உரையின் முதல் பத்தியைத் தன் இயல்பான குரலில் பேச வேண்டும், திரைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும், மேடையில் அவர் நடக்கக்கூடிய தூரம் முழுக்க நடக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் அவர் வருகிற இடத்தில்தான் ‘கூ’ என்ற ஊளை கிளம்பும். மைக்கில் போன குரல் பெட்டி வழியாக வந்து மறுபடி மைக்குக்குள்ளேயே புகுவதால் வருவது அது. பெட்டியை மைக்குக்கு முன்னே தள்ளி, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தால் நின்றுவிடும். அவர் பேசுகிறபோது நான் கடைசி வரிசையில் போய் நின்றுகொள்வேன். காலி அரங்கில் குரல் சற்று முழங்குவதுபோலத்தான் இருக்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் உடம்பும் உடையும் அந்த முழக்கத்தை உறிஞ்சிவிடும், சத்தமும் கொஞ்சம் இறங்கும். ஐந்து மணிக்குச் சரியாக இருக்கிற அளவு ஆறரைக்குச் சற்றுக் குறைவாகத்தான் கேட்கும். மைக்செட் அண்ணன் அதை அறிந்தவர். கொஞ்சம் ஏற்றிக்கொள்ள இடம் விட்டுத்தான் நிறுத்துவார்.

அன்று அந்தக் கால் மணி காப்பாற்றியது பாட்டியின் பாடலை. மடிக்கணினியை ஹெச்.டி.எம்.ஐ. வயரில் ப்ரொஜெக்டரோடு இணைத்ததும் படம் பளிச்சென்று வந்தது. பாடலை ஓடவிட்டபோது அரங்கு நிசப்தம். மேலே தொங்கிய ப்ரொஜெக்டருக்குள்ளிருந்து மட்டும் கொசு ரீங்காரம் போல ஏதோ கேட்டது. அந்த வயர் படத்தோடு ஒலியையும் எடுத்துப் போகிறது. இணைத்தவுடன் கணினி தானாகவே ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. ஒலி அமைப்பில் போய், வெளியேறும் வழியை மறுபடி கணினியின் ஹெட்போன் துளைக்கு மாற்றி, அங்கிருந்து தனி வயரை மிக்ஸருக்குக் கொடுத்தோம். அந்த வயர் மைக்செட் அண்ணனின் பெட்டியில் இருந்தது, போனில் முன்பே சொல்லி வைத்திருந்ததால். ஏழு மணிக்கு நிறைந்த கூட்டத்தின் முன் இது நேர்ந்திருந்தால், ஐந்து பேர் மேடையேறிக் கணினியைச் சூழ்ந்து நிற்க, பத்து நிமிடம் போயிருக்கும்.

இனி வந்து இறங்குகிற இடம். மேலே சொன்ன கணக்கெல்லாம் இதில்தான் வந்து முடிகிறது. 4.45-க்கு மைக் முன் நிற்க வேண்டும் என்றால், முகம் கழுவி ஒரு காபி குடிக்க நேரம் விட்டு, 4.15-க்கு அரங்குக்கு வர வேண்டும். எங்கள் அரங்கு கே.கே. நகர்ப் பக்கம், வைகைக்கு வடகரையில். கோவையிலிருந்து மதுரைக்கு வரும் பேருந்துகள் ஆரப்பாளையத்தில் நிற்பவை, அது தென்கரையில். ஆற்றைக் கடந்து, கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி வர அரை மணிக்குக் குறையாது. முக்கால் மணி என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. ஆக, 3.30-க்குள் ஆரப்பாளையம். சிங்காநல்லூரில் ஏறினால் பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 9.30-க்குப் புறப்பட்டால் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒரு டயர் பஞ்சரானால் எல்லாம் போச்சு. “எட்டரைக்குப் பஸ் ஏறுங்கம்மா, சாப்பாடு இங்க எங்க வீட்ல” என்றேன். மாலை 6.30-ல் தொடங்கிய கணக்கு காலை 8.30-ல் வந்து நின்றது. நான்கு விவரங்களையும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தால் இந்த எட்டரை கிடைத்திருக்காது.

மதுரையில் வெறுமனே பஸ் ஸ்டாண்ட் என்று சொல்வது ஆபத்து. சென்னை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்து வண்டிகளுக்கு மாட்டுத்தாவணி, கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து வண்டிகளுக்கு ஆரப்பாளையம், நகருக்குள் பெரியார். மூன்றும் மூன்று திசை. கோவையிலிருந்து மதுரையைத் தாண்டித் தெற்கே போகிற வண்டியில் ஏறினால் அது ஆரப்பாளையத்துக்குள் வராமலே போகவும் கூடும். அதனால் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு, பயணச் சீட்டு வாங்கியதும் எனக்கு ஒரு வரி அனுப்பச் சொன்னேன். திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பியதும் ஓர் அழைப்பு. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், காரை அதற்குப் பிறகு எடுத்தாலே போதும். காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இறங்கியதும் இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும், எங்கள் ஆள் அங்கே தேடி வருவார். ஊர் தெரிந்தவர்தான் நடக்க வேண்டும். விருந்தாளியை அந்த வாசலுக்கு வாருங்கள், இந்த மரத்தடிக்கு வாருங்கள் என்று பையோடு அலையவிடக் கூடாது.

சனிக்கிழமை மாலை நான் அனுப்பிய செய்தி இது:

“வணக்கம் அம்மா. நாளை ஞாயிறு. காலை 8.30, சிங்காநல்லூரில் பஸ். இறங்குமிடம்: மதுரை ஆரப்பாளையம். திண்டுக்கல் தாண்டியதும் கூப்பிடுங்கள். அழைக்க வருபவர் பெயர், எண், கார் எண் கீழே. 4.15 அரங்கு, பக்கவாட்டு வாசல் (படி இல்லை). 4.45 – 5.00 மைக், படம், பாட்டு சரிபார்த்தல். காலர் மைக். 6.30 உங்கள் உரை, தாமதமானால் 6.50. முடிவு 7.20. பிறகு கேள்விகள் 20 நிமிடம். 7.10-க்கு என்னிடமிருந்து ‘10’ சீட்டு. இதில் எது ஒத்துவரவில்லை என்றாலும் இன்றிரவே சொல்லுங்கள்.”

கட்டைவிரல் படம் பதிலாக வந்தால் நான் அதை உறுதி என்று எடுத்துக்கொள்வதில்லை. படித்தார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். பேராசிரியை எழுதினார்: “ஆரப்பாளையம். 4.45 மைக். 7.20 முடிவு. சரி தம்பி.” இறங்கும் இடத்தையும் இரண்டு நேரங்களையும் அவரே திருப்பி எழுதியதுதான் உறுதி. அதே செய்தியைக் கார் ஓட்டுகிறவருக்கும், மைக்செட் அண்ணனுக்கும், தொகுத்து வழங்குபவருக்கும் அனுப்பினேன்.

அதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. சிறப்பு விருந்தினரின் நேரத்தை அவர் தின்பதில்லை. அவருக்கு முன்னால் பேசுகிறவர்கள் தின்கிறார்கள். அவரிடம் மணிக்கணக்காக உறுதி செய்துவிட்டு, வாழ்த்துரையாளரிடம் “வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கய்யா” என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த உறுதிக்கு மதிப்பே இல்லை. இரண்டு வார்த்தை இருபது நிமிடமாகும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்கு யாரும் அளவு சொல்லவில்லையே. ஆகவே தலைவரிடமும் இரண்டு வாழ்த்துரையாளர்களிடமும் தனித்தனியே பேசினேன். “ஐயா, அம்மா கோவையிலிருந்து ஆறு மணி நேரம் பஸ்ல வர்றாங்க. ஆறரைக்கு அவங்க கையில மைக் கொடுக்கணும். உங்களுக்கு 6.06-லருந்து 6.11.” நிமிடக் கணக்கில் சொன்னால் கோபப்படுவார்களோ என்று தோன்றும். காரணத்தோடு சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. தொகுப்பாளரோடு ஓர் ஏற்பாடும் செய்துகொண்டேன்: 6.20-க்குப் பொன்னாடை தொடங்காவிட்டால், அந்தப் பத்து நிமிடச் சடங்கு கேள்வி நேரத்துக்குப் பின்னால் போய்விடும்.

அன்று தலைவர் வந்து சேர ஆறு மணியாகிவிட்டது. அவருக்காகக் கூட்டமும் கால் மணி காத்திருந்தது. 6.20 தாண்டியும் முதல் வாழ்த்துரையே முடியவில்லை. தொகுப்பாளர் பேசி வைத்தபடி பொன்னாடையைத் தள்ளி வைத்தார். மைக் பேராசிரியை கைக்கு வந்தபோது மணி 6.45. அவர் தேனிப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றதை அவசரமே இல்லாமல் பேசினார். பாட்டியின் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. 7.20-க்கு முடிவுரையின் கடைசி வாக்கியத்தைச் சொன்னார். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் ஆண்டிபட்டிக்காரர் ஒருவர். 2006-ல் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைப் பற்றிக் கேட்டார். கழற்றி வைத்த பகுதி முழுவதும் பதிலாக வந்தது. படங்களும் கையில் இருந்தன.

வட்டத்தில் இந்தப் பொறுப்பை அடுத்து ஏற்கப்போகிற தம்பிக்கு நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். பேச்சாளருக்குப் போன் செய்வதற்கு முன், பேனாவை எடுத்துக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வா. கிடைத்த நேரங்களை அவரிடம் சொல். அவர் வாயால் திருப்பிச் சொல்ல வை. பிறகு அதே தாளோடு, அவருக்கு முன்னால் பேசப்போகிற ஒவ்வொருவரிடமும் போ. சிறப்புரையின் நேரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களும் சரி என்ற பிறகுதான் அது உறுதியாகிறது.